சப்ளையர்களுக்குப் புது பேங்க் அக்கவுண்ட் நம்பரை மெயிலில் அனுப்பலாமா?

பனியன்கம்பெனி: திருப்பூரில் சின்ன யூனிட். சிசி லிமிட் வேறு பேங்குக்கு மாறிவிட்டது. டெபிட் நோட் பணம், திரும்ப வரவேண்டிய அட்வான்ஸ் எல்லாவற்றையும் நூல் மில், சாயப்பட்டறைக்காரர்கள் பழைய கணக்கில்தான் போடுகிறார்கள். புது நம்பரை எல்லோருக்கும் ஒரே மெயிலில் அனுப்பினால் போதுமா?

நூல்மண்டி: போதும். லெட்டர்ஹெட்டில் கையெழுத்து, சீல், கேன்சல் செய்த செக்கின் ஸ்கேன். நாங்கள் எப்போதும் அப்படித்தான்.

கணக்குப்பிள்ளை: அந்த மூன்றையுமே திருடனும் அனுப்புவான் அண்ணா. எங்கள் மில்லில் நடந்தது இது. ஒரு பார்ட்டிக்கு 4,80,000 ரூபாய் திருப்ப வேண்டியிருந்தது. அவர்கள் மெயில் பெட்டிக்குள் யாரோ புகுந்து, பழைய மெயிலுக்கே பதிலாக "கணக்கு மாறிவிட்டது" என்று எழுதினான். செக் படத்தில் நம்பர் மட்டும் மாற்றப்பட்டிருந்தது. எங்கள் பையன் "உறுதி செய்யுங்கள்" என்று அதே மெயிலுக்குப் பதில் போட்டான். "ஆமாம்" என்று திருடனே உறுதி செய்தான். பார்ட்டி பத்து நாள் கழித்துப் பணம் கேட்டபோதுதான் தெரிந்தது. 1930-க்குப் புகார் சொன்னோம், அதற்குள் பெரும்பகுதி எடுத்தாகிவிட்டது.

நூல்மண்டி: அது பழைய கதை. 2025 ஏப்ரலிலிருந்து நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் இரண்டிலும் பணம் அனுப்பும் முன்பே கணக்கு யார் பெயரில் என்று பார்க்கலாமே?

கணக்குப்பிள்ளை: பார்க்கலாம், நல்ல வசதி. ஆனால் பார்த்தால்தான் பலன். பணம் இன்னும் கணக்கு நம்பரை வைத்துத்தான் போகிறது, பெயர் பொருந்தாவிட்டால் தானாக நிற்காது. கிட்டத்தட்ட அதே பெயரில் ஒருவன் கரண்ட் அக்கவுண்ட் திறந்திருந்தால் அவசரத்தில் கண்ணுக்குத் தப்பும்.

கடல்தாண்டி: ஸ்விஃப்ட் கோடையும் மறக்காமல் எழுதுங்கள். எங்கள் ஜெர்மனி பையர் அது இல்லாமல் அனுப்பவே மாட்டார்.

பனியன்கம்பெனி: சார், நான் கேட்பது உள்ளூர் சப்ளையர்களைப் பற்றி. அக்கா, அப்போது மெயிலே வேண்டாமா?

கணக்குப்பிள்ளை: அனுப்புங்கள், நம்பர் இல்லாமல். "கணக்கு மாறுகிறது. உங்களிடம் உள்ள எங்கள் பழைய பில்லில் இருக்கும் போன் நம்பருக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள்" என்று மட்டும். மெயிலில் போன் நம்பரையும் போடாதீர்கள், திருடன் தன் நம்பரைப் போட்டு அதே மாதிரி எழுதுவான். அவர்கள் அழைக்கும்போது கணக்கு நம்பரையும் ஐஎஃப்எஸ்சியையும் சொல்லி, திருப்பிப் படிக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு ரூபாய் போடச் சொல்லி, யுடிஆர் நம்பரை உங்கள் ஸ்டேட்மெண்டில் பாருங்கள். வந்திருந்தால், உங்களிடம் ஏற்கெனவே உள்ள அவர்கள் நம்பருக்கு நீங்களே அழைத்துச் சொல்லுங்கள். பெரிய தொகை அதற்குப் பிறகுதான்.

நூல்மண்டி: நூறு சப்ளையர் இருந்தால் நூறு போனா? வேலை ஓடாது.

கணக்குப்பிள்ளை: பணம் திருப்ப வேண்டியவர்கள் எத்தனை பேர்? அவர்களோடு தொடங்கலாம். மற்றவர்களுக்கு அடுத்த டெபிட் நோட் போடும்போது.

பனியன்கம்பெனி: அது முடியும். பழைய கணக்கை இந்த மாதமே மூடச் சொல்கிறார்கள்.

நூல்மண்டி: மூடிவிடுங்கள். யாராவது தவறிப் போட்டாலும் அனுப்பியவருக்கே திரும்பிவிடும்.

கணக்குப்பிள்ளை: நான் மூட மாட்டேன். திரும்பிய பணத்தை மறுபடி அனுப்பச் சொல்லும் நேரம்தான் போலி மெயிலுக்கு வசதி. பேங்கில் பேசி இரண்டு மாதம் கேட்டுப் பாருங்கள்.

நூல்மண்டி: லோனை மாற்றிக்கொண்டு போனவருக்கு எந்த மேனேஜர் இரண்டு மாதம் கொடுப்பார்?