புதுப்பிப்பு: பம்ப் பாகப் பட்டியலில் எண் மாறியது

“படத்தில் 7 மெக்கானிக்கல் சீல், தமிழ்ப் பட்டியலில் 7 கேஸ்கெட். ஏனுங்க இப்படி?” என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன்.

சரி, பிடிபட்டது. டிடிபி கடையில் பெயர்ப் பத்தியை மட்டும் அகர வரிசைப்படுத்திவிட்டார்கள், பட எண்ணும் பாக எண்ணும் நகரவில்லை. சரிபார்க்க, வரிசை எண்ணிக்கையும் பட எண்களும் பொருந்தினால் போதும் என்றார் ஒருவர், ஆனால் பெயர்கள் இடம் மாறினாலும் எண்ணிக்கை அதேதானே இருக்கும்! பீளமேட்டு பவுண்டரி அண்ணன் சொன்னபடி எண் பத்திகளைப் பூட்டிவிட்டு, பெயரை மட்டும் மறுபடி நிரப்பினேன். அப்புறம் பிட்டர் ஒருவர் கழற்றிய பம்பை வைத்து, படத்தில் 7-இன் கோடு இம்பெல்லருக்குப் பின்னால் சீலில் முடிகிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். 12, 12A இரண்டுக்கும் ஒரே பெயர், அளவு வேறு. பெயரோடு அளவையும் சேர்ப்பதா என்று இன்னும் முடிவாகவில்லை.