ஆர்க்கிமேட்: மேலாளருக்கான படத்தில் டெரைவ்ட் உறவுகளை எப்படி வைப்பது?

வணக்கம். கடன் ஒப்புதல் செயல்முறையை ஆர்க்கி டூலில் மாடல் செய்துகொண்டிருக்கிறேன். மதிப்பீட்டு மென்பொருள் ஒரு அப்ளிகேஷன் சர்வீஸை ரியலைஸ் செய்கிறது, அந்த சர்வீஸ் 'தகுதி சரிபார்ப்பு' என்ற செயல்முறைக்கு சர்வ் ஆகிறது. டெவலப்பர்களுக்கு இது சரி. ஆனால் பிசினஸ் தலைவருக்கு நடுவில் உள்ள சர்வீஸ் தேவையே இல்லை. எந்த வேலைக்கு எந்த மென்பொருள் என்று தெரிந்தால் போதும்.

அவருக்கான வியூவை அப்ளிகேஷன் யூசேஜ் வியூபாயிண்டில் வைத்தேன். பொருந்தாதவை மங்கலாகின்றன, ஆனால் சர்வீஸ் அதில் அனுமதிக்கப்பட்டதுதான், அதனால் அப்படியே நிற்கிறது. அதை எடுத்துவிட்டு மென்பொருளிலிருந்து செயல்முறைக்கு நேராக ஒரு சர்விங் கோடு போடலாம், டெரிவேஷன் விதிப்படி அது செல்லும். சிக்கல் என்னவென்றால், அந்தக் கோடு மாடலிலும் பதிவாகிவிடுகிறது. அப்புறம் தாக்க ஆய்வில் ஒரே சார்பு இரண்டு முறை வருகிறது. சர்வீஸை மாற்றினாலும் பழைய கோடு அப்படியே இருக்கும்.

இப்படிப்பட்ட கோடுகளுக்கு ஒரு ப்ராப்பர்ட்டி கொடுத்து, ஆய்வின்போது வடிகட்டுகிறீர்களா? அல்லது ஸ்கிரிப்ட் வைத்து ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்குகிறீர்களா? பெரிய மாடலில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.