ஜெர்மன் வீட்டு வரைபடத்தை வாசிக்க உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. திருகோணமலையில் கட்டட வரைபடம் வரைகிறேன். ஜெர்மனியில் அக்கா வாங்க நினைக்கும் வீட்டின் விளம்பரப் புத்தகத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். படம் சரிவாக இருப்பதால் அடிமட்டம் வைத்து அளக்க முடியாது, எழுதியுள்ள இலக்கங்களைத்தான் நம்ப வேண்டும்.

கதவருகில் 88⁵ என்று இருந்ததைக் கைபேசிச் செயலி 885 ஆக்கிவிட்டது. சுவரின் துண்டுகளைக் கூட்டிப் பார்த்தேன்: 1.26 + 0.885 + 1.625 = 3.77 மீற்றர். மொத்த அளவாக எழுதியிருப்பதும் 3,77. அப்போ மேலே உள்ள சின்ன 5 அரை சென்ரிமீற்றர், காற்புள்ளி நம்முடைய தசமப் புள்ளி. இதுவரை சரி.

குழப்பம் "Schlafen" என்ற மேல்மாடி அறையில். 3.77 × 4.80 என்றால் 18.10 சதுர மீற்றர் வரவேண்டும், அட்டவணையிலோ 14,33. 3.77 மீற்றர் நீள வெளிச்சுவரிலிருந்து 2 மீற்றர் தள்ளி "2,00 m" என்று விட்டுவிட்டு வரைந்த ஒரு கோடு ஓடுகிறது. சுவருக்கும் கோட்டுக்கும் இடைப்பட்ட பட்டையின் பரப்பைப் பாதியாக எடுத்தால் கணக்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது. அது சாய்வுக் கூரையின் உயரக் கோடுதானா? ஜன்னலருகில் "BRH 90" என்பது எதன் உயரம்?

அங்கே வீடு வாங்கிய அண்ணாமார், அக்காமார் சொல்லுங்கள். அக்காவின் 2.10 மீற்றர் அலுமாரி எந்தச் சுவரோடு நிற்கும் என்று அவருக்குச் சொல்ல வேண்டும்.