கேட்டுக்கு குறுக்கா விசிட்டர் வண்டி: ஹவுஸ் ஓனர் மெசேஜ் போட்டுட்டாரு, உங்க வீட்ல எப்படி சமாளிச்சீங்க?

முதல் மாடி, மடிப்பாக்கம்

எங்க பில்டிங்ல நாலு குடித்தனம். கீழ ஒண்ணு, முதல் மாடில நாங்களும் பக்கத்து போர்ஷனும், மேல ஒண்ணு. ஓனர் திருச்சில இருக்காரு, எதுனாலும் வாட்ஸ்ஆப் க்ரூப்லதான் பேசுவாரு. திங்கக்கிழமை காலைல இப்படி ஒரு மெசேஜ்:

"அனைவருக்கும் வணக்கம். நேற்று மாலை கேட்டுக்கு குறுக்கே கார் நிறுத்தி கீழ்வீட்டு சார் வண்டி எடுக்க முடியாமல் போனது. இது பல முறை சொல்லியும் நடக்கிறது. இனி யார் வீட்டு விருந்தாளி வண்டியும் கேட் முன் நிற்கக் கூடாது. மீறினால் அந்த வீட்டார் ரூ.500 கட்ட வேண்டும், அடுத்த முறை வீட்டை காலி செய்ய வேண்டும்."

நடந்தது என்னன்னா மேல் வீட்ல வளைகாப்பு, சொந்தக்காரங்க கார் ஒண்ணு நேரா கேட் முன்னாடி நின்னுச்சு, இன்னொண்ணு எதிர்பக்கம் சுவர் ஓரமா. கீழ்வீட்டு சாருக்கு வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ், அன்னிக்கு சாயங்கால ஷிஃப்ட். அவர் சம்சாரம் மேல ஏறி கேட்டா யாரு காருன்னே யாருக்கும் தெரியல, ஏன்னா கார்காரர் சீர்வரிசைக்கு பூ வாங்க பொடிநடையா கடைக்கு போயிட்டாரு, போன் மேலயே சார்ஜ்ல கெடக்கு. கடைசில ஆட்டோ புடிச்சு போனாங்க. அவரு தோள்ல துண்ட போட்டுக்கிட்டு படியில உக்காந்திருந்தத பாத்து எனக்கு வயிறு கலங்கிடுச்சு.

மெசேஜ் நியாயம்தான். ஆனா நாலு வீட்டுக்கும் பொதுவா போட்டதால பக்கத்து போர்ஷன்காரங்க "எங்கள ஏன் சொல்றீங்க"ன்னு பதில் போட, மேல்வீட்டு அக்கா க்ரூப்ப விட்டே வெளில போயிட்டாங்க. உங்க வீட்ல இப்படி மெசேஜ் வந்தப்ப என்ன பண்ணீங்க, எது வேலைக்கு ஆச்சுன்னு சொல்லுங்க.

கோவை வீட்டுக்காரர்

நான் ஓனர் சைடு. மூணு வீடு வாடகைக்கு விட்டிருக்கேன், இதே மாதிரி மெசேஜ நானும் வருஷக்கணக்கா போட்டிருக்கேன், ஒண்ணும் நடக்கல. காரணம் பின்னாடிதான் புரிஞ்சுது, "நிறுத்தாதீங்க"ன்னு சொல்றோமே தவிர எங்க நிறுத்தணும்னு சொல்றதில்ல. ஊர்லேந்து வர்ற சித்தப்பாவுக்கு நம்ம தெருவ பத்தி என்ன தெரியும், கேட்ட பாத்தாரு, முன்னாடி எடம் காலியா இருந்துச்சு, விட்டுட்டாரு.

நான் அப்புறம் ஒரு நாள் டேப் எடுத்துட்டு போயி அளந்தேன். எங்க தெரு 20 அடி, கேட் 10 அடி. ஒரு சாதாரண சின்ன காரு கிட்டத்தட்ட 12 அடிக்கு மேல நீளம், அகலம் 6 அடிக்கு கொஞ்சம் கம்மி. கேட்டுக்கு நேர் எதிர்ல ஒரு கார் நின்னா மிச்சம் 14 அடிதான், அதுக்குள்ள உள்ளேந்து ரிவர்ஸ்ல வர்ற கார் திரும்பணும்னா முன்னும் பின்னும் நாலஞ்சு தடவ ஆட்டணும், புதுசா ஓட்டுறவங்களால முடியவே முடியாது. அதே மாதிரி கேட் தூண ஒட்டி நிறுத்தினாலும் கஷ்டம், ஏன்னா ரிவர்ஸ்ல திருப்பும்போது நம்ம கார் மூக்கு மறுபக்கமா வீசும், தூணுக்கு அந்தப்பக்கம் ஒரு 3 அடியாவது காலியா வேணும். நிறுத்தினவங்க "கேட்ட மறைக்கலயே"ன்னுதான் சொல்வாங்க, அவங்க பார்வைல அது உண்மைதான்.

இதெல்லாம் பாத்துட்டு மெசேஜ மாத்தினேன்: "விருந்தாளி வர்றாங்கன்னா முன்கூட்டியே இத அனுப்பிடுங்க. கார தெருமுனை தண்ணி டேங்க் சுவர் ஓரமா விடலாம், நடந்தா ரெண்டு நிமிஷம். கேட் முன்னாடியும் கேட்டுக்கு நேர் எதிர்லயும் வேண்டாம். பெரியவங்கள எறக்கி விட மட்டும் கேட்ல நிறுத்தலாம், டிரைவர் சீட்ட விட்டு எறங்கக் கூடாது." கூடவே டேங்க் சுவர் போட்டோ. குடித்தனக்காரங்க அத அப்படியே சொந்தக்காரங்களுக்கு ஃபார்வர்ட் பண்றாங்க. முழுசா நின்னுடல, ஆனா மாசத்துக்கு ஒரு சண்டை இருந்த எடத்துல இப்ப எப்பவாவது தீபாவளி பொங்கலுக்குதான்.

பைக் பிரியன்

எதுக்கு இவ்ளோ யோசிக்கணும். கேட்ல நோ பார்க்கிங் போர்டு மாட்டுங்க, மீறி நிறுத்தினா போலீஸ் டோ பண்ணிட்டு போயிடும். வண்டி நம்பர எம்பரிவாகன் ஆப்ல போட்டா ஓனர் போன் நம்பரே வந்துடும், கூப்ட்டு திட்டலாம். அதுவும் வேலைக்கு ஆகலன்னா டயர்ல காத்த புடுங்கி விடுங்க, அடுத்த தடவ வரமாட்டாங்க.

டிராஃபிக்ல இருந்தவர்

தம்பி, கடைசில சொன்னத முதல்ல எடுத்துக்கறேன். காத்த புடுங்கினா அந்த கார் அங்கயேதான் நிக்கும், கீழ்வீட்டு சார் அப்பவும் ஆட்டோலதான் போகணும். கேஸும் உங்க மேல திரும்பும். அத பண்ணவே பண்ணாதீங்க.

ஆப்ல போன் நம்பர் வராது. ஓனர் பேரே பாதி எழுத்து நட்சத்திரமாதான் காட்டும்.

போர்டு விஷயம். நீங்களா மாட்டுற போர்டுக்கு சட்டத்துல தனி பலம் கிடையாது, அது ஒரு வேண்டுகோள், அவ்ளோதான். ஆனா போர்டு இல்லாட்டியும் அடுத்தவன் வாசல அடைச்சு நிறுத்தறது தப்புதான், 2017ல வந்த மத்திய அரசோட ஓட்டுநர் ஒழுங்குமுறையிலயே அது இருக்கு. அதனால போர்ட காம்பவுண்டுக்குள்ள கேட்லயே மாட்டுங்க, ரோட்டுல இரும்பு ஸ்டாண்டு, மணல் மூட்டை, பூந்தொட்டின்னு வெச்சீங்கன்னா பொது எடத்த நீங்க ஆக்கிரமிச்ச கதை ஆயிடும்.

100க்கு போன் பண்ணலாம். வண்டி ரோட்டுல நின்னு வாசல அடைச்சா நாங்க ஆர்சில உள்ள நம்பருக்கு பேச பாப்போம், ஆள் சிக்கலன்னா எடுத்துட்டு போகலாம். ஃபைன் முதல் தடவ 500, மறுபடியும்னா 1500, அது போறது வண்டி யார் பேர்ல இருக்கோ அவருக்கு, குடித்தனக்காரருக்கு இல்ல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் டோ வண்டி வர எவ்ளோ நேரம் ஆகும்னு மட்டும் நான் வாக்கு குடுக்க மாட்டேன், டயாலிசிஸ் மாதிரி அவசரத்துல அத நம்பி உக்காரக் கூடாது. இன்னொண்ணு, வண்டி காம்பவுண்டுக்குள்ள நின்னு இன்னொரு வண்டிய மறைச்சா அது எங்க வேலை இல்ல, ஓனரும் குடித்தனக்காரங்களும் பேசி தீக்கணும்.

திருநகர் அக்கா

எங்க வீட்டு எதிர்ல கல்யாண மண்டபம், முகூர்த்த நாள் வந்தாலே எங்க கேட் எங்களோடது இல்ல. யாரு எவருன்னே தெரியாத வண்டிங்க. போன மாசம் எங்க பையனுக்கு பரீட்சை அன்னிக்கு இதே கதை, மண்டப மேனேஜர்கிட்ட சொன்னா மைக்ல நம்பர சொல்றாங்க, நாதஸ்வரத்துல யார் காதுல விழும். நீங்களாவது மேல்வீட்டுக்காரங்கள கேக்கலாம், நாங்க யார கேக்கறது?

டிராஃபிக்ல இருந்தவர்

மைக்க விட்டுடுங்கம்மா. காலைலயே மண்டபத்துக்காரர்கிட்ட ஒரு ஆள வாசல்ல நிக்க வைக்க சொல்லுங்க. வண்டி நின்னதுக்கு அப்புறம் எதுவும் சுலபம் இல்ல.

கீழ் போர்ஷன், தாம்பரம்

எல்லாரும் கார பத்தியே பேசறீங்க, எங்களுக்கு தொல்லை டூவீலர். மாடிக்கு டியூஷன் படிக்க வர்ற பசங்க வண்டிய உள்ள வரிசையா விட்டு ஹேண்டில் லாக் போட்டுட்டு மேல போயிடறாங்க. என் ஸ்கூட்டி கடைசில மாட்டிக்கும், லாக் போட்ட வண்டிய பின்சக்கரத்த தூக்கி தூக்கி நகத்தி எனக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சு. டீச்சர்கிட்ட பக்குவமா சொன்னேன், இப்ப லாக் போடாம நியூட்ரல்ல விடறாங்க, கேட் பூட்டிதான் இருக்கு, திருட்டு பயமும் இல்ல. எடம் அதேதான், ஆனா ஒரு கையால தள்ளி எடுத்துடலாம்.

பைக் பிரியன்

நியூட்ரல்ல விட்டு சரிஞ்சு விழுந்து கண்ணாடி ஒடஞ்சா யாரு காசு தருவா?

கீழ் போர்ஷன், தாம்பரம்

சென்டர் ஸ்டாண்டு போடாம சைடு ஸ்டாண்டு போட சொல்லியிருக்கோம் தம்பி, எங்க தரை சமமா இருக்கு. சரிவா இருக்கற வீட்ல இது ஒத்துவராது, அது நெசம்தான்.

முதல் மாடி, மடிப்பாக்கம்

எல்லாருக்கும் நன்றி. கோவை சார் சொன்ன மாதிரி நேத்து நானும் பக்கத்து போர்ஷன் அண்ணாவும் அளந்து பாத்தோம். எங்க தெரு 18 அடிதான் இருக்கு, அப்ப எதிர்பக்கம் நின்ன காரும் சேந்துதான் பிரச்சனை பண்ணியிருக்கு, நாங்க அத கணக்குலயே எடுக்கல. மேல்வீட்டு அக்காவ நேர்ல போயி பாத்தேன். அவங்க அழுதுட்டாங்க, டயாலிசிஸ்னு அவங்களுக்கு தெரியவே தெரியாது, ஏதோ ஆஸ்பத்திரி போறாருன்னு நெனச்சிருக்காங்க. அன்னிக்கு ராத்திரியே கீழ போயி சார் சம்சாரத்துகிட்ட பேசிட்டு ஆட்டோ காசு குடுத்திருக்காங்க, அவங்க வாங்கல. இப்ப சாரோட மூணு நாளும் நேரமும் எங்க எல்லார் போன்லயும் இருக்கு. விசேஷம் வெச்சா கார் சாவிய மாடி வாசல் ஆணில மாட்டணும், யாராவது ஓட்டத் தெரிஞ்சவங்க எடுத்து விட்டுடலாம்னு அக்காவே சொன்னாங்க. சொந்தக்காரங்க சாவி குடுப்பாங்களான்னு பக்கத்து போர்ஷன் அண்ணா கேக்கறாரு, அதுவும் நியாயமான கேள்விதான்.

ஓனர்தான் எறங்கி வரல. அந்த 500 ரூபா இருக்கணும், இல்லன்னா யாரும் பயப்பட மாட்டாங்கன்றாரு. அத அட்வான்ஸ்ல கழிச்சுக்க முடியுமா?

கோவை வீட்டுக்காரர்

நானே ஓனர்தான், இருந்தாலும் சொல்றேன், அக்ரிமெண்ட்ல எழுதாத காச மெசேஜ்ல போட்டு வசூல் பண்ண முடியாதும்மா. காலி பண்ணுன்னு வாட்ஸ்ஆப்ல போடறதும் அப்படித்தான். தமிழ்நாட்டு வாடகை சட்டம் 2019 பிப்ரவரிலேந்து நடைமுறைல இருக்கு, குடித்தனக்காரர் தானா போகலன்னா ஓனர் வாடகை கோர்ட்டுக்குதான் போகணும். கோவத்துல தண்ணிய நிறுத்தறது, கரண்ட புடுங்கறதும் கூடாது. ஆனா அக்ரிமெண்ட் முடியறப்ப புதுப்பிக்க மாட்டேன்னு அவரு சொல்லலாம், அதனால சட்டம் பேசி மூக்க ஒடைக்காதீங்க. அடுத்த அக்ரிமெண்ட்ல விசிட்டர் வண்டிக்குன்னு ஒரு வரி சேத்துக்கலாம், எந்த எடம்னு அளவோட எழுதலாம்னு நீங்களே சொல்லிப் பாருங்க.

முதல் மாடி, மடிப்பாக்கம்

சரி சார். வர்ற ஞாயித்துக்கிழமை அவரு நேர்ல வர்றாரு, நாலு வீடும் கீழ்வீட்ல உக்காந்து பேசறோம். ராத்திரி தங்கற விருந்தாளி கார எங்க விடறதுன்னு மட்டும் இன்னும் எங்களுக்கு பிடிபடல, எங்க தெருவுல டேங்க் சுவர் மாதிரி எடமே கெடையாது. மெயின் ரோட்ல விட்டா விடிகாலைல லாரி ஒரசிட்டு போயிடும். இதே மாதிரி சந்துல இருக்கறவங்க யாராவது வழி கண்டுபிடிச்சிருந்தா ஞாயிறுக்குள்ள எழுதுங்க.