வைவா தேதி தள்ளிப்போனபோது கைடுக்கு என்ன எழுதினீர்கள்?

நெல்லைச்சீமை

தமிழ்த் துறையில் பிஎச்.டி. முடிக்கும் தறுவாயில் இருந்தபோது நடந்தது. வைவாவுக்குச் சுற்றறிக்கை போய்விட்டது, ஆய்வேட்டின் பிரதி துறை நூலகத்தில் பார்வைக்கு வைத்தாயிற்று, மதியச் சாப்பாட்டுக்குக்கூட சொல்லியாயிற்று. அப்போது புறத்தேர்வாளர் என் கைடு அம்மாவுக்கு போன் செய்தார். அவருடைய பல்கலைக்கழகத்தில் அதே வாரம் தரமதிப்பீட்டுக்கு நாக் குழு வருகிறதாம், யாருக்கும் லீவு இல்லையாம்.

அம்மா என்னைக் கூப்பிட்டு, "நீ ஒரு மெயில் போடு, அதையும் அவர் கடிதத்தையும் சேர்த்துத்தான் நான் ஆபீஸுக்கு எழுத முடியும்" என்றார். தேர்வாளரே வரமாட்டேன் என்ற பிறகு என் மெயில் எதற்கு என்றுதான் முதலில் தோன்றியது. காரணம் கோப்பு. தேதியை மாற்றியது யார், ஏன், மாணவருக்குச் சம்மதமா என்ற மூன்றுக்கும் தாள் இருந்தால்தான் தேர்வுப் பிரிவு பழைய சுற்றறிக்கையை ரத்து செய்து புதியது போடும்.

அனுப்பியது இதுதான். தமிழிலேயே எழுதினேன், எங்கள் துறையில் அது வழக்கம்.

> பொருள்: பொது வாய்மொழித் தேர்வுக்கு மாற்றுத் தேதி வேண்டுதல்
>
> மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம்.
>
> என் ஆய்வேட்டுக்கான பொது வாய்மொழித் தேர்வு வரும் 14ஆம் தேதி காலை 11 மணிக்கு நடைபெறும் எனச் சுற்றறிக்கை வந்துள்ளது. புறத்தேர்வாளர் அவர்கள் தம் பல்கலைக்கழகத்தில் நாக் குழுவின் வருகை இருப்பதால் அன்று வர இயலாது எனத் தங்களிடம் தெரிவித்ததாக அறிந்தேன்.
>
> அவருக்கும் தங்களுக்கும் ஏற்ற வேறொரு நாளைத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குப் பரிந்துரைக்குமாறு வேண்டுகிறேன். 20ஆம் தேதி முதல் மாத இறுதி வரை எந்த நாளிலும் வர நான் தயார். அவர் நேரில் வருவது அரிதென்றால் இணையவழியில் நடத்தவும் எனக்கு இசைவே.
>
> உதவிப் பேராசிரியர் பணி ஒன்றுக்கு விண்ணப்பிக்க அடுத்த மாதம் 5ஆம் தேதி கடைசி நாள். அறிவிப்பின் நகலை இணைத்துள்ளேன்.

கீழே பெயரும் பதிவு எண்ணும். அவ்வளவுதான்.

நான் வேண்டுமென்றே செய்தது இரண்டு. ஒரே தேதியைச் சொல்லாமல் ஒரு கால அளவைச் சொன்னேன். மாணவரே நாள் குறித்தால் தேர்வாளருடன் தனியாகப் பேசி முடித்துவிட்டார்போல என்ற சந்தேகம் எழும். அப்புறம், 20க்கு முன் கேட்டிருந்தால் புதிய சுற்றறிக்கை போகவே நேரம் இருக்காது. எத்தனை நாள் முன்னால் போக வேண்டும் என்பது ஊருக்கு ஊர் மாறும், தேர்வுப் பிரிவு கிளார்க்கிடம் கேட்டால் சொல்லிவிடுவார்.

வேலைக்கான கடைசி நாளை எழுதலாமா என்று நிறைய யோசித்தேன். அழுத்தம் கொடுப்பதுபோல் ஆகிவிடுமோ என்று பயம். ஆனால் அம்மா அந்த வரியை அப்படியே எடுத்துத் தன் கடிதத்தில் போட்டுக்கொண்டார்.

மூணாவது பெஞ்ச்

இவ்வளவு சுற்ற வேண்டாம் தோழர். ரெண்டு எக்ஸ்டர்னலும் நேரில் வந்து உட்கார்ந்தால்தான் வைவா செல்லும், யுஜிசி விதி. ஒருத்தர் வரலைன்னா தானாகவே ரத்து. மெயிலெல்லாம் சும்மா மரியாதைக்கு.

பழைய வாத்தியார்

மூணாவது பெஞ்ச் சொல்வதில் ஒருவர் இல்லையென்றால் நடத்த முடியாமல் போகலாம் என்பது மட்டும் சரி. 2022 விதிமுறைப்படி ஆய்வேட்டை மதிப்பிட வெளியாட்கள் குறைந்தது இருவர் வேண்டும். ஆனால் வைவா குழுவுக்குக் கைடும், அந்த இருவரில் குறைந்தது ஒருவரும் போதும். இணையவழியில் நடத்தலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. அதற்கு முன் பதிவு செய்தவர்கள் 2009 அல்லது 2016 விதிமுறையின் கீழ் வருவார்கள். போதாக்குறைக்குப் பல்கலைக்கழகத்தின் சொந்த விதி இதைவிடக் கறாராக இருக்கலாம். அதனால் எந்த விதி தனக்குப் பொருந்தும் என்று பார்த்துவிட்டு எழுத வேண்டும்.

நான் கைடாக இருந்தபோது முதலில் கேட்பது, வராதவர் யார் என்றுதான். ஆய்வு ஆலோசனைக் குழு உறுப்பினர் வரவில்லை என்று பதறிக்கொண்டு ஒரு பையன் தேதி மாற்றம் கேட்டு நீளமாக எழுதியிருந்தான். அவர் வைவாவுக்கு வரலாம், கேள்வி கேட்கலாம். ஆனால் அவர் இல்லாமல் தேர்வு நிற்காது. மெயிலை ஓரமாக வைத்துவிட்டு, குறித்த நாளிலேயே நடத்தி முடித்தோம்.

புறத்தேர்வாளர்தான் வரவில்லை, எப்போது வருவார் என்பதும் தெரியவில்லை என்றால் வேறு வழி உண்டு. ஆய்வேட்டை மதிப்பிட்ட இன்னொரு தேர்வாளரை அழைக்க அனுமதி கேட்கலாம். அதை மாணவர் மெயிலில் எழுதக் கூடாது. அது கைடு தேர்வு அலுவலருக்கு எழுத வேண்டியது. மாணவர் வாயிலிருந்து வந்தால், கடுமையாகக் கேட்பவரைத் தவிர்க்கப் பார்க்கிறான் என்பார்கள். ஆய்வேடு சமர்ப்பித்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்ற வரம்பும் இருக்கிறது. சமர்ப்பித்த தேதியை ஒரு வரியில் சேர்த்துவிட்டால், தேர்வுப் பிரிவு அதைத் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும்.

கெமிஸ்ட்ரிக்காரி

எனக்கும் இதே கதைதான். ஆனால் நான் துறைத்தலைவரையும் தேர்வு அலுவலரையும் நகலில் போட்டு அனுப்பினேன். என் கைடுக்குப் பிடிக்கவில்லை, "என்னைத் தாண்டிப் போறியா" என்றார். ஆனாலும் வேலை சீக்கிரம் நடந்தது.

பழைய வாத்தியார்

உங்கள் கைடு இடத்தில் நான் இருந்தாலும் கோபப்பட்டிருப்பேன் அம்மா. கடிதம் கைடு வழியாகத்தான் போக வேண்டும்.

கெமிஸ்ட்ரிக்காரி

மெயிலைத் திறந்தே பார்க்காத கைடாக இருந்தால் என்ன செய்வது சார்? அதற்கு முன் அனுப்பிய இரண்டுக்கும் பதிலே வரவில்லை.

லீட்ஸ் வாசி

இங்கிலாந்தில் ஆட்டமே வேறு. சூப்பர்வைசர் தேர்வாளரே கிடையாது, உள்ளிருந்து ஒருவர், வெளியிலிருந்து ஒருவர். எனக்கு உள்தேர்வாளர் உடம்பு சரியில்லாமல் படுத்துவிட்டார். சூப்பர்வைசருக்கு எழுதி, ஆராய்ச்சி மாணவர் அலுவலகத்துக்கு நகல் அனுப்பினேன். இங்கே அதை யாரும் தப்பாக எடுப்பதில்லை.

என் மெயிலில் முக்கியமான வரி விசா முடியும் நாள். படிப்பை முடித்துவிட்டார் என்று பல்கலைக்கழகம் உள்துறை அமைச்சகத்துக்குத் தெரிவித்த பிறகுதான் கிராஜுவேட் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும், அதுவும் மாணவர் விசா தீர்வதற்குள். வைவா தள்ளினால், அதற்குப் பிறகு வரும் திருத்தங்களும் தள்ளும். சூப்பர்வைசருக்கு என் விசா தேதி நினைவிலேயே இல்லை. படித்ததும் அலுவலகத்துக்கு அவரே போன் செய்தார். நோய் விவரம் எதையும் நான் எழுதவில்லை, "தேர்வாளர் ஒருவர் வர இயலாததால்" என்று மட்டும்தான். அது அவருடைய சொந்த விஷயம்.

இன்ஜினியர் 4ஆம் ஆண்டு

அண்ணா, என் பி.இ. புராஜெக்ட் வைவா அன்னைக்கு எனக்குக் காய்ச்சல், ஆப்சென்ட் போட்டுட்டாங்க. மேலே இருக்கிற மெயிலை அப்படியே கைடுக்கு அனுப்பலாமா?

நெல்லைச்சீமை

அனுப்பாதே தம்பி. இங்கே வராதது தேர்வாளர், உன் விஷயத்தில் வராதது நீ. மருத்துவச் சான்றிதழோடு இன்றைக்கே துறைத்தலைவரைப் போய்ப் பார். மறு வாய்ப்பு இந்தப் பருவத்திலா அடுத்ததிலா என்று அவர் தேர்வுப் பிரிவில் கேட்டுச் சொல்வார்.

மூணாவது பெஞ்ச்

சரி, இருவரில் ஒருவர் போதும் என்பதை ஒத்துக்கொள்கிறேன், விதியை இப்போதுதான் திறந்து பார்த்தேன். ஆனால் இணையவழி வைவா என்றால் அறிக்கையில் தேர்வாளர் கையெழுத்து எப்படி? ஸ்கேன் செய்து அனுப்பியதை எங்கள் ஆபீஸ் வாங்க மறுத்து, தபாலில் அசல் வரும்வரை என் நண்பனைக் காக்க வைத்துவிட்டார்கள். மற்ற இடங்களில் எப்படி?