கதையைச் சொல்லி முடித்தபோது பத்தியும் முடிந்திருந்தது: குறுந்தொகை 25, என் அனுபவம்

முதுகலை மாணவி

கபிலரின் 'யாரும் இல்லைத் தானே கள்வன்' பாட்டை வைத்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். ஐந்தடிப் பாட்டுக்கு ஒன்பது வாக்கியம். வழிகாட்டி அதைத் திருப்பித் தந்து, "பாட்டை மூடிவைத்துவிட்டு எழுதக்கூடிய வாக்கியங்களை அடிக்கோடிட்டு வா" என்றார். அடிக்கோடிட்டதில் ஏழு வாக்கியங்கள் அகப்பட்டன. அதன் தொடக்கம் இது:

"தலைவனும் தலைவியும் களவில் கூடினர். அப்போது அங்கே யாரும் இல்லை. அவன் மணந்துகொள்ளாமல் காலம் நீட்டித்தான். அவன் பொய் சொன்னால் என்ன செய்வது என்று தலைவி அஞ்சினாள். அன்று ஒரு குருகு மட்டும் நின்றதை அவள் தோழியிடம் கூறினாள்."

உரையைப் படித்த யாரும் இதை எழுதிவிடலாம். ஏழையும் ஒரு தொடராகச் சுருக்கி, மிச்ச இடத்தைச் சொற்களுக்குக் கொடுத்தேன். இப்போது இப்படி நிற்கிறது:

"மணம் தள்ளிப்போவதால் கலங்கிய தலைவி தோழியிடம் சொல்லும் இப்பாட்டு 'இல்லை' என்று தொடங்கி 'உண்டு' என்பதில் வந்து நிற்கிறது. ஆனால் அந்த 'உண்டு' அவளுக்குக் கை கொடுப்பதில்லை. 'பார்க்கும்' என்ற சொல் குருகுக்குத்தான் வருகிறது, அதுவும் பார்ப்பது ஆரல் மீனை. சாட்சி சொல்லத் தேவையான பார்வை அங்கே இருந்தும், அது வேறு பக்கம் திரும்பியிருக்கிறது."

இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் எப்படிச் சரிசெய்தீர்கள்?

ஆய்வு மாணவர்

நான் கண்டுகொண்ட வழி, கதையைச் சுத்தமாக வெட்டிவிடுவது. வாசிப்பவருக்குப் பாட்டு தெரியும். முதல் வாக்கியத்திலேயே சொல்லுக்குப் போய்விட வேண்டும்.

ஓய்வுபெற்ற பேராசிரியர்

பாதி சரி, தம்பி. கதை முழுக்கப் போய்விட்டால் 'கள்வன்' என்ற சொல் அந்தரத்தில் நிற்கும். தலைவி தோழியிடம் பேசுகிறாள், மணம் நீள்கிறது: இந்த இரண்டும் தெரிந்தால்தான் தான் விரும்பியவனையே அவள் அப்படிச் சொல்வது உறைக்கும். அதற்குமேல் கதை வேண்டியதில்லை. எந்தச் சொல்லைப் பேசப்போகிறோமோ அதற்குத் தேவையான கதை மட்டும், அந்தச் சொல் வரும் வாக்கியத்துக்குள்ளேயே, ஒரு பெயரெச்சமாக நுழைய வேண்டும். 'மணம் தள்ளிப்போவதால் கலங்கிய தலைவி' என்று அம்மா எழுதியிருப்பது அப்படித்தான். நன்றாக வந்திருக்கிறது.

இன்னொன்றும் பாருங்கள் அம்மா. 'தான்' இந்தப் பாட்டில் மூன்று முறை வருகிறது: தானே கள்வன், தான் அது பொய்ப்பின், தான் மணந்த ஞான்று. 'யான்' ஒரே முறை, அதுவும் 'எவன் செய்கோ' என்ற கையறு கேள்வியில். அன்று நடந்ததற்கு ஆள் அவன், பொய்க்க முடிந்தவனும் அவன். இதைச் சேர்த்தால் உங்கள் சாட்சி வாதம் இன்னும் இறுகும்.

பள்ளி ஆசிரியர்

பன்னிரண்டாம் வகுப்புக்குத் திரண்ட கருத்து எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். நீங்கள் வெட்டிய முதல் பத்திதான் அதற்குச் சரியான விடை. பிள்ளைகள் இதை எழுதினால் நான் மதிப்பெண் தருவேன். அதை ஏன் பிழை என்கிறீர்கள்?

முதுகலை மாணவி

திரண்ட கருத்துக்கு அது சரிதான், ஐயா. என் தலைப்பு பாட்டின் மொழி. பள்ளியில் வந்த பழக்கம் இங்கேயும் தொடர்ந்திருக்கிறது என்பது நீங்கள் சொன்ன பிறகுதான் புரிகிறது.

கல்லூரி விரிவுரையாளர்

நான் வேறொரு குழியில் விழுந்தேன். கதையை எடுத்த இடத்தில் 'தினைத்தாள் அன்ன' உவமை, 'உம்' உம்மை, 'ஏ' ஏகாரம் என்று பெயர்ப்பட்டியல் போட்டேன். அதுவும் விளக்கம் ஆகவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் 'அதனால்?' என்று கேட்டுப் பார்த்தேன், பாதிக்கு என்னிடம் பதில் இல்லை. தினைத்தாளுக்குக் கிடைத்தது: அவள் அன்று குருகின் காலின் மெலிவையும் பசுமையையும் வரை கவனித்திருக்கிறாள். குருகு பார்க்காததை அவள் பார்த்திருக்கிறாள். அப்புறம் 'ஞான்றே' என்பதன் ஏகாரத்தில் அவளுடைய பெருமூச்சு கேட்கிறது என்று ஒரு வாக்கியம்.

ஓய்வுபெற்ற பேராசிரியர்

தினைத்தாள் வாக்கியத்தை வைத்துக்கொள்ளுங்கள். பெருமூச்சை எடுத்துவிடுங்கள். அது ஈற்றசை, அகவற்பாக்களில் பெரும்பாலானவை ஏகாரத்தில்தான் முடியும். எந்தப் பாட்டின் முடிவுக்கும் பொருந்துகிற வாக்கியம் இந்தப் பாட்டைப் பற்றியது ஆகாது. 'தானே' என்பதில் உள்ள ஏகாரம் அப்படியல்ல, அது பிறரை விலக்கி அவனை மட்டும் பிரித்துக் காட்டுகிறது.

ஆய்வு மாணவர்

அப்படியானால் 'குருகும்' என்ற உம்மையை எப்படி எடுப்பது? 'ஒரு குருகு கூட இருந்தது' என்று இழிவுசிறப்பாக எடுத்தால் அவள் கசந்து பேசுகிறாள். 'அவனோடு குருகும்' என்று எச்சமாக எடுத்தால் எதையோ பற்றிக்கொள்ளத் தேடுகிறாள்.

ஓய்வுபெற்ற பேராசிரியர்

நான் எச்சம் என்றே பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் முதலடியின் 'யாரும்' என்பதோடு சேர்த்து வாசிக்கும்போது தயக்கம் வருகிறது.

முதுகலை மாணவி

'தான்' வாக்கியத்தைச் சேர்த்துவிட்டேன். உம்மைக்கு மட்டும் இரண்டு வாசிப்பையும் எழுதிவைத்திருக்கிறேன், திங்கட்கிழமை வழிகாட்டியிடம் காட்டவேண்டும்.