புதுப்பிப்பு: அறைச் சுவருக்கு எவ்வளவு பெயின்ட்?

என் கேள்வி: "12 அடிக்கு 10 அடி அறை, உயரம் 10 அடி. கதவு, ஜன்னலைக் கழித்தால் சுவருக்கு எத்தனை லிட்டர் வேண்டும்?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வேலை முடிந்தது.

நான்கு சுவரும் சேர்த்து 2 × (12 + 10) × 10 = 440 சதுர அடி. கதவு 7 × 3, அதாவது 21. 4 × 4 ஜன்னல் இரண்டுக்கு 32. கழித்தால் 387.

ஜன்னல் குழிவின் உட்பக்கத்தையும் அளக்கச் சொன்னவரின் யோசனைதான் கைகொடுத்தது. குழிவு அரை அடி ஆழம். கீழ்ப்பக்கம் கல் என்பதால் மற்ற மூன்று பக்கம் மட்டும், ஜன்னலுக்கு 6 சதுர அடி. கழித்ததில் 12 திரும்பி வந்து 399 ஆனது. "ஜன்னலைக் கழிக்கவே வேண்டாம்" என்றவர் சொன்னது ஆழமான சிறு ஜன்னலுக்குச் சரிவரும். பெரிய ஜன்னலுக்கு ஒத்துவராது. தரைப்பரப்பு 120-ஐ வைத்துக் கணக்கிட்டவரின் எண் கூரைக்கே பொருந்தும்.

டப்பாவில் ஒரு பூச்சுக்கு லிட்டருக்கு 100 சதுர அடி என்றிருந்தது. இரண்டு பூச்சுக்கு 8 லிட்டர் என்பது கணக்கு, பிடித்தது 9. புதிதாகப் பூசிய சுவர் முதல் பூச்சை அதிகம் உறிஞ்சியது. அதற்கு பிரைமர் போட்டிருந்தால் எவ்வளவு குறைந்திருக்கும் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.